வலது சக்கரம்

தேர் முட்டும் வீடு என்றுதான் அந்த வீட்டுக்குப் பெயர். தெற்கு வீதி நேராக ஓடி மேல வீதியில் முட்டுகிற இடத்தில், எதிரே வாசலைத் திறந்துகொண்டு நின்றது அது. கீழ வீதியில் புறப்படுகிற தேர் தெற்கு வீதிக்குள் திரும்பிவிட்டால் போதும், சாமியின் முகம் அந்த வீட்டு ஜன்னலுக்கு நேராக வந்துவிடும். தேரில் சாமி முன்னால் பார்த்துத்தானே உட்கார்ந்திருப்பார்? வீதியின் இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் வாய்ப்பது ஒரு காதும் ஒரு தோளும் பாதி மாலையும்தான். அதுவும் தேரைச் சுற்றித் தொங்குகிற துணிகள் காற்றில் ஒதுங்கினால் உண்டு. முழு முகமும் பார்க்க வேண்டுமானால் தேருக்கு எதிரே, கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும். அந்தக் கொடுப்பினை அந்த வீட்டுக்கு இருந்தது. தேரன்றைக்கு முன்பின் தெரியாதவர்கள்கூட, "அக்கா, ஒரு ஓரமா நின்னுக்கறோம்" என்று உள்ளே வந்துவிடுவார்கள்.

அந்த வீட்டுக்காரர் மட்டும் ஒரு வருஷம்கூட அந்த முகத்தைத் தேரில் பார்த்ததில்லை. அவர் தேருக்குக் கட்டை போடுகிறவர்.

தேரைக் கிட்டத்தில் நின்று பார்க்காதவர்கள், வடம் பிடிக்கிறவர்கள் இழுக்கிற பக்கம் தேர் போகும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எங்கே போகும்? அத்தனை பெரிய மரப் பொதிக்கு ஸ்டியரிங்கா இருக்கிறது, பிரேக்கா இருக்கிறது? முன்னால் ஆயிரம் பேர் வடத்தை இழுப்பார்கள், பின்னால் பத்துப் பேர் சக்கரத்துக்கு அடியில் நெம்புகோலைக் கொடுத்துத் தம் கட்டி ஏறி மிதிப்பார்கள். அசைய வைப்பது அவ்வளவுதான். அசைந்ததை நிறுத்துவதும் திருப்புவதும் சக்கரத்தோடு ஒட்டி நடக்கிற இரண்டு பேர் கையில் இருக்கிறது. ஆளுக்கு ஒரு முட்டுக்கட்டை: ஆப்பு மாதிரி சீவிய கனத்த மரத்துண்டு, அதில் நீளமாய் ஒரு பிடி. தேர் இடது பக்கம் இழுத்தால் வலது சக்கரத்துக்காரர் கட்டையைச் சரித்துக் கொடுப்பார். சக்கரம் அதில் பாதி ஏறி, கிறீச்சிட்டு, வழுக்கி, வேண்டிய பக்கம் இறங்கும். மரம் கருகி வாசனை வரும். கை ஒரு நொடி தாமதித்தால் கட்டையோடு விரலும் போகும், காலும் போகும், ஆளே போனதும் உண்டு.

தேர் கோயிலை வலமாகச் சுற்றுவதால் நாலு முனையிலும் வலது பக்கம்தான் திரும்ப வேண்டும். அதனால் முனை வந்தால் வலது சக்கரத்துக்காரர்தான் ராஜா. அந்தச் சக்கரத்தைக் கட்டையால் பூட்டிவிட்டால் இடது சக்கரம் மட்டும் உருண்டு தேர் தலையைத் திருப்பும். வலது சக்கரம் தேர் முட்டும் வீட்டுக்காரருடையது. மரம் அறுக்கிற ஆலையில் வருஷம் பூராவும் வேலை, தேரன்றைக்கு மட்டும் இந்த வேலை. இடது சக்கரம் நெட்டையுடையது. ஆள் ஒட்டடைக்குச்சி உயரம், அதனால் அந்தப் பெயர்.

"இத்தன வருஷமா சாமி கூடவே நடக்கறீங்க. ஒரு தடவ நிமிந்து பாக்க வேண்டியதுதான?" என்று அவர் மனைவி கேட்பாள். வீட்டு ஜன்னலோரம் தையல் மிஷின் போட்டிருந்ததால் தெருவுக்கு அவள் தையல்காரம்மா.

"நான் மேல பாத்தா சக்கரம் என் காலப் பாக்கும்டி" என்பார் அவர்.

அப்படிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த மனுஷனுக்கு இரண்டு நுரையீரலும் போய்விட்டன. மரத்தூள் என்றார் ஒரு டாக்டர், பீடி என்றார் இன்னொருவர். கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்கம்மா" என்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. மிஷினை நகர்த்திவிட்டு ஜன்னலோரம் கட்டிலைப் போட்டாள்.

கட்டிலில் படுத்த அன்றைக்கு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இந்த வருஷம் கட்ட போட முடியாது. இங்க படுத்துக்கிட்டே அவரு மூஞ்சிய ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேன்."

"எங்க போறீங்களாம்?" என்றாள் அவள். ஆனால் மனசுக்குள் நாளை எண்ணத் தொடங்கிவிட்டாள். தேர் வரைக்கும் இந்த மூச்சு தாங்க வேண்டும். வேறு எதையும் அவள் சாமியிடம் கேட்கவில்லை. பெரிதாகக் கேட்டால் கிடைக்காது என்பது அவளுக்கு இந்த ஒரு வருஷத்தில் பழகிவிட்டது.

தேருக்கு முந்தின நாள் காலையில் கோயில் தர்மகர்த்தா வந்தார். கூட மளிகைக்கடைக்காரரும் வந்தார். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "எப்படி இருக்கு உடம்பு?" என்று கேட்டார்கள். நல்ல கேள்விதான். ஆனால் கேட்கும்போது இரண்டு பேருடைய கண்ணும் அவர் நெஞ்சுக்கூடு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தது.

தர்மகர்த்தா கெட்ட மனுஷர் இல்லை. சொல்ல வந்ததைச் சொல்லமுடியாமல் தொண்டையைச் செருமினார். "தங்கச்சி, உனக்குத் தெரியாதது இல்ல. தேரோடற வீதியில ஒரு உசுரு போச்சுன்னா, எடுத்துட்டுப் போயி, வீதியக் கழுவி விடற வரைக்கும் தேர நகத்த முடியாது. நாள் தப்பிப்போகும். பாதி வழியில தேர் நின்னுச்சுன்னா ஊருக்கே ஆகாதும்பாங்க. அதனால... ஒரு நாளைக்கு மட்டும்..."

"ஒரு நாளைக்கு மட்டும்?"

"உங்கண்ணன் வீடு தெற்கு வீதிச் சந்துக்குள்ளதான இருக்கு? அங்க தேர் வராது. அங்க வச்சுக்கிட்டீங்கன்னா எல்லாருக்கும் நிம்மதி" என்று மளிகைக்கடைக்காரர் முடித்துவைத்தார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏங்க, சாமி எதுக்கு வெளிய வர்றாரு? வருஷா வருஷம் நீங்கதான மைக்குல சொல்றீங்க. உள்ள இருக்கற சாமி கல்லு, எடத்த விட்டு எழுந்திருக்க மாட்டாரு, அவரு சார்பா இந்தப் பஞ்சலோகச் சாமி கெளம்பி வர்றாரு, நடக்க முடியாதவங்க, படுக்கையில கெடக்கறவங்க, உள்ள வரக் கூடாதவங்க எல்லாரையும் அவங்கவங்க வாசல்ல வந்து பாக்கறாருன்னு. இந்தத் தெருவுல இவர விடப் படுக்கையில கெடக்கறவங்க யாரு இருக்கா? இவரத் தூக்கிட்டுப் போயிட்டா அவரு இங்க வந்து யாரப் பாப்பாரு? கதவையா?"

பதில் கட்டிலிலிருந்து வந்தது.

"போயிடலாம்" என்றார் அவர். மூச்சை இழுத்து இழுத்துப் பேசினார். "நானே ஒரு வருஷம் இவங்க கூடப் போயிருக்கேன். கோடி வீட்டுப் பெரியவரு... இதே மாதிரி கெடந்தாரு. நான்தான் முன்னால நின்னு பேசுனேன். இப்ப எனக்குன்னு வந்தா மாத்திப் பேசலாமா?"

"அந்தப் பெரியவரு என்ன ஆனாரு?"

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெரியவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் உயிரை விட்டார் என்பது அவளுக்கும் தெரியும். கேட்டிருக்கக் கூடாது என்று உடனே நினைத்தாள்.

அன்று ராத்திரி முழுக்க யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். தூக்கிக்கொண்டு போ என்றுதானே சொன்னார்கள்? போகிறேன். எப்போது போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே. கோயிலுக்குள் யார் வரலாம், யார் வரக் கூடாது என்று ஆயிரம் சட்டம் இருக்கிறது. வீதியில் நிற்பதற்கு ஏது சட்டம்? சட்டம் இல்லாத இடம் என்பதால்தானே சாமியும் வீதிக்கு வருகிறார். அண்ணன் வீட்டுச் சந்துக்குத் தெற்கு வீதி வழியாகத்தான் போயாக வேண்டும். தேரும் தெற்கு வீதி வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

மறுநாள் அவள் அண்ணன் ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கிய சக்கர நாற்காலியோடு விடிந்ததும் வந்துவிட்டான். அவளோ ஆமையாக நகர்ந்தாள். வெந்நீர் வைத்து உடம்பைத் துடைத்தாள். முகம் வழித்துவிட்டாள். பெட்டியிலிருந்து வேட்டி எடுத்து, அது சரியில்லை என்று வேறு எடுத்தாள். அண்ணன் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தான்.

"என்னம்மா இது, பொண்ணு பாக்கவா கூட்டிட்டுப் போறோம்? கூட்டம் சேந்துடும்."

"சேரட்டும். நீ போயி ஒரு டீ குடிச்சிட்டு வா."

அவன் போனான். அவள் கணவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது கிலோ எலும்பாகிவிட்ட உடம்பில் கண் மட்டும் பழைய கண்ணாக இருந்தது. "திருட்டுக் கழுத" என்றார் மெதுவாக. அவள் சிரித்தாள். அந்த வீட்டில் அவர்கள் சிரித்தது அதுதான் கடைசி.

கீழ வீதியில் வெடிச்சத்தம் கேட்டது. தேர் நிலையை விட்டுப் பெயர்ந்துவிட்டது. மேளம் நெருங்கி வர வர அவள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். நடுவில் ஒருதரம் சத்தம் அடங்கி, கிறீச்சென்று மரம் உரசுகிற ஓசை வந்தது. முதல் முனை திரும்புகிறது என்று அவர் விரலை அசைத்துக் காட்டினார். அப்புறம் ஓவென்று ஜனங்களின் குரல் எழுந்தது. தேர் தெற்கு வீதிக்குள் வந்துவிட்டது.

"அண்ணா, இப்பப் போலாம்."

நாற்காலியில் உட்கார வைத்து, சரியாமல் இருக்கத் துண்டால் நெஞ்சோடு கட்டினாள். தலை நிற்கவில்லை. சால்வையைச் சுருட்டிக் கழுத்துக்குப் பின்னால் கொடுத்து, முகம் மேலே பார்க்கும்படி வைத்தாள். வாசல் இறங்கி நாலு எட்டு தள்ளியதுமே வழி அடைத்துவிட்டது. வடம் தேருக்கு வெகு முன்னாலேயே வந்துவிடும் அல்லவா? கை தடிமன் கயிறு இரண்டு வரிசையாக, ஆணும் பெண்ணும் தோளோடு தோளாகப் பிடித்துக்கொண்டு முனைக்கு வந்துவிட்டார்கள். பிடிக்க இடம் கிடைக்காதவர்கள் ஓடிவந்து கயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். குழந்தைகளின் கையைப் பிடித்துத் தொட வைத்தார்கள். ஒரு கை பட்டால்கூட சாமியை நாமும் இழுத்ததாகக் கணக்கு. கோயிலுக்குள் அவருக்கு எட்ட நின்றுதான் கும்பிட வேண்டும். இங்கே நாம் இழுத்தால்தான் அவர் வருவார், நாம் நின்றால் அவரும் நிற்பார். அந்த ஒரு நாள் உரிமைக்காகத்தான் ஜனங்கள் அப்படி முண்டியடிக்கிறார்கள்.

"இதுக்கு மேல எங்க போறது?" என்று அண்ணன் கையை உதறினான்.

"போக வேணாம். செவுத்தோரமா ஒதுங்கி நில்லு. தேர் போகட்டும்" என்றாள் அவள். நாற்காலியைத் தேரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள்.

ஒலிபெருக்கியில் தர்மகர்த்தாவின் குரல் முழங்கியது. "வரமுடியாதவர்களைத் தேடி சாமி வந்துகொண்டிருக்கிறார். மெய்யன்பர்கள் வழிவிட்டு நின்று..." அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

தேர் வந்தது. வீதியை அடைத்துக்கொண்டு, வீடுகளின் மொட்டைமாடிக்கு மேலே தலையை ஆட்டிக்கொண்டு வந்தது. முன்னால் குதிரைப் பொம்மைகளுக்கு நடுவில் ஒருவன் நின்று துண்டை வீசினான். துண்டு மேலே போனால் இழுக்க வேண்டும், கீழே வந்தால் விட வேண்டும். கொஞ்ச தூரம் வந்து நின்றது. பின்னால் நெம்புகோல்காரர்கள் குரல் கொடுத்தார்கள். மறுபடி ஒரு குலுக்கலோடு கிளம்பியது. அவள் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு அவர் காதருகே குனிந்தாள். "பாருங்க. நேரா வர்றாரு. பாருங்க."

அப்புறம் அவளும் நிமிர்ந்தாள். பாவம், அவள் என்ன செய்வாள்? அத்தனை பூவுக்கும் விளக்குக்கும் நடுவில் அந்தச் சின்ன முகம் அவர்களையே பார்த்துக்கொண்டு வந்தால் யார்தான் நிமிராமல் இருப்பார்கள்? கை தானாகக் கூப்பிக்கொண்டது. வந்துட்டியா என்று கேட்டாள். இவருக்காகத்தான வந்த, நல்லாப் பாத்துக்கோ என்று சொன்னாள். கண்ணீரில் முகம் கலங்கி, துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். தேர் முனையில் வந்து நின்றது. கட்டை உரசியது, கருகல் வாசனை வந்தது. வடம் மேல வீதிப் பக்கம் சாய்ந்தது. முகம் மெல்ல மெல்லப் பக்கவாட்டில் திரும்பி, ஒரு காதும் ஒரு தோளுமாகி, துணிக்குப் பின்னால் மறைந்தது.

அவள் குனிந்தாள். அவர் கண் திறந்திருந்தது. கை மடியிலிருந்து நழுவி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து மறுபடி மடியில் வைத்தபோது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

தேர் முனையின் நட்டநடுவில் குறுக்காக நின்றுகொண்டிருந்தது. பாதி திரும்பியிருந்தது, பாதி திரும்பவில்லை. அவள் வாயைத் திறந்து ஒரு சத்தம் போட்டால் போதும், அந்த இடத்திலேயே எல்லாம் நின்றுபோகும். யாரால் நின்றது என்று கேட்பார்கள். ஆயுசெல்லாம் தேரைத் திருப்பிவிட்ட மனுஷனால் நின்றது என்பார்கள். அவள் துண்டின் நுனியால் அவர் கண்ணை மூடினாள். அழுகையை விழுங்கினாள்.

"என்ன, தூங்கிட்டாரா?" என்றான் அண்ணன்.

"ஆமா. அசதி. தூங்கட்டும்."

தேர் மேல வீதிக்குள் போய், கூட்டம் கலைந்ததும், நாற்காலியைத் தள்ளிக்கொண்டு தெற்கு வீதி நெடுக நடந்தாள். வீட்டு வாசல்களில் தேங்காய் மூடிகளும் பூவும் கிடந்தன. தெரிந்த பெண் ஒருத்தி ஓடிவந்து, தேரிலிருந்து விழுந்த மாலைத் துண்டு ஒன்றை அவர் மடியில் வைத்து, "குடுத்து வச்சவரு, எதிரயே பாத்துட்டாரு" என்றாள். "ஆமாம்மா" என்றாள் இவள். வீட்டுக்கு வீடு அதையே சொன்னார்கள். வீட்டுக்கு வீடு தலையை ஆட்டினாள். செத்த புருஷனை இப்படிப் பவனி கொண்டுபோன பெண் வேறு யாரும் இருந்தால் அவளுக்கு இதன் கனம் தெரியும்.

அண்ணன் வீட்டில் அவரைக் கட்டிலில் கிடத்திய பிறகுதான் அண்ணனுக்குப் புரிந்தது. அவன் வாய்விட்டு அழப் போனான். அவள் அவன் வாயைப் பொத்தினாள். "தேர் நிலைக்கு வரட்டும்" என்றாள். மத்தியானம் முழுக்க இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒலிபெருக்கி வடக்கு வீதியில் கேட்டது, பிறகு கிழக்கே கேட்டது. அவளுக்கு ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. அவர் பார்த்துவிட்டுத்தான் போனார். என்ன பாவமானாலும் தன் தலையில் விழட்டும். கேட்டதை வாங்கிக்கொடுத்துவிட்டோம் அல்லவா?

சாயங்காலம் வெடிச்சத்தம் கேட்டது. தேர் நிலைக்கு வந்துவிட்டது. அவள் அழுதாள்.

முதலில் வந்தவன் நெட்டை. யாரும் சொல்லி அனுப்பவில்லை. அரைவேட்டியும் கரியுமாக, குளிக்காமல்கூட, நேராகத் தேரிலிருந்து வந்திருந்தான். காலடியில் உட்கார்ந்து அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து அவளைப் பார்த்தான்.

"முனையிலயே தெரியும் அண்ணி. நீங்க சத்தம் போடல. நானும் வாயத் தொறக்கல."

"நீ இந்த வருஷம் வலது சக்கரமா?"

"அண்ணன் எடம். வேற யாரு போடறது? இடதுக்குப் புது ஆளு." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "கடைசியா எங்கிட்டதான் பேசினாரு அண்ணி."

"என்ன பேசினாரு?"

"கையக் காட்டினாரு. தேர் முனைக்கு வந்து நின்னதும் நான் முன்னால பாத்தேன். நாற்காலியில இருந்து இப்படி ரெண்டு விரலச் சாய்ச்சாரு. வலது பக்கம் கட்டையச் சரிச்சுப் போடுன்னு. நான் எப்படியும் அதத்தான் போட்டிருப்பேன். ஆனாலும் காட்டினாரு. போட்டேன். சரின்னு தல ஆடுச்சு. அப்புறம் கை விழுந்துருச்சு."

அவள் அவர் கையைப் பார்த்தாள்.

"அப்படின்னா, சக்கரத்தையா பாத்துக்கிட்டிருந்தாரு?"

நெட்டை அவர் பாதத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"சால்வைய வச்சு முகத்த மேல தூக்கித்தான வச்சிருந்தேன். ஒரு தடவ? ஒரே ஒரு தடவ மேல பாத்தாரா? சொல்லு."

"முகம் மேலதான் இருந்துச்சு அண்ணி. கண்ணு கீழ இருந்துச்சு. நான் பாத்த வரைக்கும் சக்கரத்த விட்டு எடுக்கல."

பக்கத்து வீட்டுப் பெண்கள் உள்ளே வரத் தொடங்கினார்கள். குடுத்து வச்சவரு, குடுத்து வச்சவரு என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. நெஞ்சின் மேல் கிடந்த அவர் கையை எடுத்து, அந்த இரண்டு விரல்களையும் பிடித்துக்கொண்டாள்.

"பக்கத்துலயேதான் நின்னேன் நெட்ட" என்றாள். "தோள்ல கை வச்சுக்கிட்டுத்தான் நின்னேன். கும்பிடறதுக்குக் கைய எடுத்துட்டேன். நான் மேல பாத்துக்கிட்டிருந்தேன்."